பிரேக்கம்மாவின் எட்டு வார்த்தை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்குப் பெயர் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் மாணவர் பக்கம் ஒரு பிரேக், சொல்லிக்கொடுப்பவர் பக்கம் ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பத்தொன்பது வருஷமாகக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் வந்த பட்டம் அது. அவர் காலடியில் இருந்த ரப்பர் விரிப்பு தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. முதலாளி மாற்றித் தருகிறேன், மாற்றித் தருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலையில் ஆள் கெட்டிக்காரி. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைக் கண்டாலே கைநடுங்கும் மனிதர்களை நாற்பது நாளில் நடுச்சாலையில் ஓட்ட வைத்துவிடுவார். புதிதாக வேலைக்குச் சேரும் பயிற்சியாளர்களுக்கு அவர் சொல்வது இவ்வளவுதான்: "எட்டு வார்த்தைக்கு மேல பேசாதீங்க. வளைவுக்கு முன்னாடி சொல்லுங்க. வளைவுக்குள்ள வாயே திறக்காதீங்க." திரும்பிக்கொண்டிருக்கும்போது கத்தினால், கற்றுக்கொள்பவர் கையை விட்டுவிடுவார் அல்லது காலை மாற்றி அழுத்திவிடுவார். எது நடந்தாலும் சுவர்தான்.

இப்பேர்ப்பட்ட மனுஷி சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் அந்த எட்டு வார்த்தையையும் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுவார். அப்புறம் பேச்சு எண்ணூறு வார்த்தைக்குக் குறையாது.

காரணம், பதினைந்து வயது மகளும் அவள் கையிலிருந்த போனும். சோபாவின் இடது மூலையில் கால்களை மடக்கிக்கொண்டு, முழங்கால் மேல் போனைச் சாய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கூப்பிட்டால் "ம்". சாப்பிட வா என்றால் "ம்". வீடு பற்றி எரிகிறது என்றாலும் அதே "ம்"தான் வரும் என்று பிரேக்கம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதிருக்கிறார். நிஜமாகவே அழுதார். ஏனென்றால் இதே பெண் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பள்ளி விட்டதும் பயிற்சிக் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, கடைசி வகுப்பு முடியும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள். ஓட்டுகிறவர்களே சிரித்துக்கொண்டு கியரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்த வாய் எங்கே போனது? பிரேக்கம்மாவுக்கு வேண்டியது அந்த வாய்தான். போன் தொலைந்தால் பேச்சு திரும்பிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

போனைத் தொலைக்க வழி கேட்டு அவர் போனைத்தான் எடுத்தார். 'விழிப்பான பெற்றோர்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. பிள்ளைகளைப் போனிலிருந்து மீட்பதற்காகப் பெற்றோர்கள் காலை ஐந்தரை முதல் கண் விழித்துப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது. அதில் ஒருவர் தினமும் பொன்மொழி அனுப்புவார். பின்னணியில் சூரிய உதயம், முன்னால் கொட்டை எழுத்து. பிரேக்கம்மா அவற்றை மாய்ந்து மாய்ந்து சேகரித்து, பழைய கற்பவர் பதிவேட்டின் பின்பக்கத் தாள்களில் எழுதி, வீடெங்கும் ஒட்டினார்.

குளியலறைக் கண்ணாடியில்: "திரையைத் தொடாதே, சிகரத்தைத் தொடு."

மகள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "சிகரத்துல சிக்னல் கிடைக்குமாம்மா?"

ஃப்ரிட்ஜ் கதவில்: "நீ தள்ளுவது வீடியோவை அல்ல, உன் வாழ்க்கையை." இதை மகள் படம் எடுத்துத் தோழிகளின் குழுவில் போட்டுவிட்டாள். அறுபத்து மூன்று பேர் சிரித்தார்கள். மறுநாள் இன்னொன்று வராதா என்று கேட்டார்கள். பிறகு வகுப்பில் யாராவது சமோசாத் தட்டைப் பக்கத்தில் தள்ளினால்கூட "நீ தள்ளுவது தட்டை அல்ல" என்று ஆரம்பித்துவிடுவார்களாம். ஆக, பொன்மொழிகளின் உபயத்தால் மகளின் போன் நேரம் தினத்துக்கு முக்கால் மணி கூடியது.

பொன்மொழி பலிக்காதபோது பிரேக்கம்மா இரண்டாவது பிரேக்கை மிதித்தார். ஏழு மணிக்கு வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி எங்காவது ஒளித்துவைப்பது. ஒருநாள் அரிசி டப்பாவில், ஒருநாள் தன் மழைக்கால ஷூவுக்குள். மகள் மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்காத நாளில் சிம்மின் இணையத்தை வைத்து ஓட்டினாள். பிரேக்கம்மாவின் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற அவருக்குத் தெரிந்த ஒரே அறிவுரை, "விடு." அதையும் அவர் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையலம்பப் போய்விடுவார்.

இப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை, மகள் தானாக எழுந்து வந்து ஒரு தாளை நீட்டினாள். பள்ளி விடுதியில் சேருவதற்கான விண்ணப்பம். அடுத்த வருஷத்துக்கு. பெற்றோர் கையெழுத்து போட்டு, மறுவாரம் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"எதுக்குடி விடுதி? பள்ளிக்கூடம் இருபது நிமிஷ தூரந்தானே?"

"அங்க படிக்க வசதிம்மா."

"அங்க போன் வச்சுக்க விடுவாங்களா?" இதைக் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

"மாட்டாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்கி வச்சுடுவாங்க. காலைலதான் தருவாங்க."

பிரேக்கம்மா வாயைப் பிளந்தார். "போனைப் பிடுங்கிடுவாங்க, அப்பவும் நீ போகணுமா?"

"ஆமா," என்றாள் மகள். கோபமே இல்லை குரலில். "வாங்கறப்ப அவங்க ஒண்ணும் பேச மாட்டாங்களாம்."

சொல்லிவிட்டுப் போய் சோபா மூலையில் உட்கார்ந்துகொண்டாள். பிரேக்கம்மா முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணுக்குப் போன்தான் உயிர் என்று நினைத்திருந்தாரே, அந்த உயிரையே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகத் தயாராக இருக்கிறாள், அம்மாவின் வாயிலிருந்து தப்பித்தால் போதும் என்று! எட்டு நாள்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பெண் போய்விடுவாள். போடாவிட்டால் இருப்பாள், ஆனால் அந்த "ம்" கூட மிஞ்சாது.

சனிக்கிழமை காலை வகுப்புக்கு வந்தவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். ஐம்பத்தொன்பது வயது. இருபத்தெட்டாவது நாள் பயிற்சி. நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கம்மாவுக்கு மனசு ஆறவில்லை; யாரிடமாவது கொட்ட வேண்டும்.

"சொல்லுங்க சார், நான் என்ன தப்பா சொல்றேன்? கண்ணு கெடும்னு சொல்றேன். தூக்கம் போகும்னு சொல்றேன். எப்பப் பாரு அதையே பாத்துக்கிட்டு இருந்தா மார்க்கு என்னத்துக்கு ஆகும்? அவங்க அத்தை பொண்ணு பாருங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல போனைத் தொடறதே இல்ல, லெஃப்ட்ல திரும்புங்க சார், அதைச் சொன்னா இவளுக்கு மூஞ்சி தூக்கிக்குது, நாமெல்லாம் இந்த வயசுல—"

கார் நடைபாதையின் மேல் ஏறி, ஒரு குப்பைத் தொட்டியை முட்டி நின்றது. நல்லவேளை, வேகம் பத்துக்கு மேல் இல்லை. குப்பைத் தொட்டி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மல்லாந்தது.

"சார்! லெஃப்ட்டுன்னு சொன்னேன்ல?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொன்னீங்க மேடம். ஆனா நீங்க இருபது விஷயம் சொன்னீங்க. அதுல எது எனக்கு, எது உங்க பொண்ணுக்குன்னு புரியல. கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் நான் கேக்கறதையே நிறுத்திட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் பிரேக்கம்மாவின் கார் முட்டிக் குப்பைத் தொட்டி விழுந்தது இதுதான் முதல் தடவை. அதைவிடக் கேவலம், அவர் கால் பிரேக்கின் மேலேயே இல்லை. பேச்சு சுவாரசியத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

இறங்கித் தொட்டியை நிமிர்த்தி வைக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. கார்க் கதவை மூடினால் தெரிகிற வித்தை, வீட்டுக் கதவைத் திறந்ததும் ஏன் மறந்துபோகிறது?

அன்று மத்தியானம் பதிவேட்டில் ஒரு புதுத் தாளைப் பிரித்து, தான் தினமும் மகளிடம் சொல்வதையெல்லாம் எழுதினார். எழுதி முடிக்க இரண்டு பக்கம் ஆயிற்று. பிறகு கற்பவர்களிடம் ஒருபோதும் சொல்லாத சொற்களை ஒவ்வொன்றாக அடித்தார். 'எப்பப் பாரு' அடிபட்டது. 'அத்தை பொண்ணு' அடிபட்டாள். 'நாங்கல்லாம் அந்தக் காலத்துல' போயிற்று. 'என்னத்துக்கு ஆகும்' போயிற்று. 'இந்தத் தடவைதான் கடைசி' என்பதை அடிக்கும்போது கொஞ்சம் வலித்தது, அது அவருக்குப் பிடித்த வரி. இரண்டு பக்கத்தில் மிஞ்சியது 'சாப்பிட வா' மட்டும்தான்.

புதிதாகத்தான் எழுத வேண்டும். காருக்கு எழுதுவது போலவே எழுதினார். எட்டு வார்த்தைக்குள் இருக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அடுப்படியிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கேள்வியாக இருந்தால் அதற்கு 'மாட்டேன்' என்ற பதிலும் செல்லுபடியாக வேண்டும். ஒரு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது. கடைசியாக எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டார்: சொன்ன பிறகு வாயை மூடு.

திங்கட்கிழமை முதல் சோதனை. மகள் ஏதோ விளையாட்டில் இருந்தாள். நாலு பேர் சேர்ந்து ஆடுவது. நடுவில் விட்டுவிட்டுப் போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள், விட்டவளைச் சும்மா விடமாட்டார்கள். இதுநாள்வரை "உடனே வை" என்று பிரேக்கம்மா சொன்னதெல்லாம், ஓடுகிற காரில் "உடனே இறங்கு" என்று சொன்ன மாதிரி. இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இந்த ஆட்டம் முடிய எத்தனை நிமிஷம் ஆகும்?"

மகள் சந்தேகமாகப் பார்த்தாள். "பன்னெண்டு. ஏன்?"

"சரி. முடிஞ்சதும் சாப்பிடலாம்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். போனாரே தவிர, அடுப்படியில் கரண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. பதின்மூன்று. பேச்சு தொண்டைவரை வந்துவிட்டது. பதினாலாவது நிமிஷம் மகள் வந்து தட்டை எடுத்தாள். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊற்றி மூடியது. "தூங்க எப்ப போகணும்னு நீயே சொல்லேன்?" என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். ஐந்து வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், "ஏன்னா காலைல உன்னை எழுப்பறதுக்குள்ள எனக்குப் பிராணன் போகுது" என்று ஒரு வாலை ஒட்டிவிட்டது. மகள் கண் மறுபடி போனுக்குள் போயிற்று. பிரேக்கம்மா பதிவேட்டில், கற்பவர் செய்த தவறைக் குறிக்கும் கட்டத்தில், தன் பெயரை எழுதி 'வால்' என்று குறித்துவைத்தார்.

புதன்கிழமை மகள் வீடியோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதைப் பாத்து சிரிக்கற? எனக்கும் காட்டேன்."

மகள் சோபாவில் ஒரு சாண் இடம் விட்டாள். ஒரு நாய் ஊஞ்சலில் ஏறத் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது. 'இதுல என்ன இருக்கு' என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கினார். இரண்டாவது வீடியோவில் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆள் மேஜைச் சாவியை மேஜைக்குள்ளேயே வைத்துப் பூட்டை அழுத்திவிட்டிருந்தான். மூன்றாவது, நாலாவது. கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. "அடுத்ததைப் போடு" என்று அம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது எங்கதான்டி முடியும்?"

"முடியாதும்மா. கீழ தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தானா ஓடும். புஸ்தகத்துல பக்கம் தீர்ந்துரும். இதுல தீராது."

பிரேக்கம்மா தானே ஒரு தடவை கீழே தள்ளிப் பார்த்தார். "நிறுத்த இடமே இல்லாத ரோடா? நீ எப்படி நிறுத்துவ?"

இது பொன்மொழி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டது. அதனால்தானோ என்னவோ, மகள் பதில் சொன்னாள். "நிறுத்த முடியறதில்லம்மா. நானும் பதினஞ்சு நிமிஷம்னுதான் ஒவ்வொரு நாளும் எடுக்கறேன். அப்புறம் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அந்த நேரத்துல நீ வந்து கத்துவியா, சரி, எப்படியும் திட்டுதான், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு தோணிரும்."

பிரேக்கம்மாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. எத்தனை நாள் அந்த இன்னும் கொஞ்சத்தைத் தானே உண்டாக்கியிருக்கிறார்! பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கட்டிக்கொண்டால் அதுவும் ஒரு பிரசங்கத்தில் போய் முடியும் என்று பயந்து, "திறக்கறதுக்கு முன்னாடியே நிறுத்தற இடத்தை முடிவு பண்ணலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மகளே செய்தாள். தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தினாள். தேவையில்லாத மணியோசைகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வீடியோவுக்கு முப்பது நிமிஷம் என்று போனிலேயே வரம்பு வைத்தாள். நாற்பத்தைந்து வைக்கலாமா என்று கொஞ்சம் தடுமாறி, பிறகு முப்பதிலேயே விட்டாள். எட்டு மணிக்கு மேல் போனை வாசலருகே ஒரு ஷூ பெட்டியில் போட்டு அங்கேயே சார்ஜ் போடுவது என்று சொன்னதும் அவள்தான். ஆனால் ஒரு நிபந்தனை.

"உன் போனும் உள்ள வரணும்."

"நான் என்னடி பாக்கறேன்? வேலை விஷயந்தானே."

மகள் இரண்டு போனிலும் செட்டிங்ஸுக்குள் போய், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மகள், நாலு மணி பத்து நிமிஷம். அம்மா, ஐந்து மணி நாற்பது நிமிஷம். அதில் 'விழிப்பான பெற்றோர்' குழு இருக்கும் வாட்ஸ்அப் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்தப் பக்கம் வந்த வீட்டுக்காரர் இரண்டு திரையையும் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை "விடு" என்று சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கையலம்பப் போய்விட்டார்.

வியாழக்கிழமை பிரேக்கம்மா விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது பிரேக்கில் காலை வைத்திருக்கும்வரை பக்கத்தில் இருப்பவர் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? நாற்பதாவது நாள் எல்லாருக்கும் காலை எடுக்கத்தான் வேண்டும். "போட்டுட்டேன் கண்ணு. குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம்." மகள் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக் காரில் பிரேக்கம்மா முழு ஊமை. "மேடம், நான் சரியாத்தான் ஓட்டறேனா?" என்று மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் வழக்கமான மூலையில் போனோடு இருந்தாள். கேட்டுவிடலாமா, வேண்டாமா என்று தவித்து, கேட்காமல் அடுப்படிக்குப் போனார். கவலையை மறக்கக் குழுவைத் திறந்தார். 'பிள்ளைகளைப் போனிலிருந்து மீட்க நூற்றியொரு பொன்மொழிகள்' வந்திருந்தது. முப்பத்தேழாவது பொன்மொழியைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் எட்டடிக்க ஐந்து நிமிஷம்.

"அம்மா, அது முடிய எத்தனை நிமிஷம் ஆகும்?" என்றாள் மகள்.

"இல்லடி, இது சும்மா படிக்கறது இல்ல, உனக்காகத்தான், இதுல பாரு ரொம்ப நல்ல விஷயமெல்லாம் போட்டிருக்காங்க, நான் என்ன சொல்றேன்னா—"

மகள் வளைவுக்குள் வாயைத் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்தாள். பிரேக்கம்மாவின் பேச்சு தானாக வேகம் குறைந்து ஓரம் கட்டி நின்றது.

"ரெண்டு நிமிஷம்," என்றார்.

"சரி. பெட்டிக்கிட்ட இருக்கேன்."

உண்மையில் மூன்றரை நிமிஷம் ஆயிற்று. வாசலருகே போனபோது பெட்டியில் மகளின் போன் ஏற்கெனவே கிடந்தது. தன்னுடையதை அதன் பக்கத்தில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சார்ஜர் ஒயர் வழுக்காமல் இருக்கப் பெட்டியின் அடியில் ஒரு தாள் மடித்துப் போட்டிருந்தது. மடிப்பின் ஓரத்தில், முந்தின நாள் அவர் விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து தெரிந்தது.

கண் நிறைந்துவிட்டது. வாயில் எண்ணூறு வார்த்தை வந்து முட்டியது. நன்றி, சந்தோஷம், எச்சரிக்கை, அத்தை பொண்ணு, எல்லாம் கலந்து. விழுங்கினார். விழுங்கியதில் விக்கலே வந்துவிட்டது.

"சாப்பிடலாமா?"

"ம்," என்றாள் மகள்.

உட்கார்ந்ததும், அந்த "ம்"முக்குப் பின்னால், "உனக்கு ஒண்ணு தெரியுமாம்மா, இன்னைக்கு எங்க கெமிஸ்ட்ரி மிஸ்..." என்று ஆரம்பித்தாள். மிஸ்ஸிலிருந்து தோழிக்குப் போனாள், தோழியிலிருந்து அவள் அண்ணனின் பைக்குக்குப் போனாள், பைக்கிலிருந்து மறுபடி மிஸ்ஸுக்கு வந்தாள். தட்டு காய்ந்தது. வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். நாற்பது நிமிஷம். மூச்சு விடாத பேச்சு. அப்படியே அம்மாவை உரித்து வைத்தது. பிரேக்கம்மாவுக்குத் தலையே வலித்தது. ஆனாலும் ஒரு இடத்திலும் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.